கிறிஸ்துமஸ் பரிசுப் பெட்டிக்கு விவரக்குறிப்பு எழுதும் முறை: பொருள், அளவு, இருப்பு தீர்ந்தால் மாற்று

குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் காலத்துப் பரிசுப் பெட்டிகளுக்கு வரும் ஆர்டர்களில் கணிசமானவை வெளியூரிலிருந்து வருகின்றன. துபாயிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மகன் பணம் கட்டுகிறார். பெட்டியைத் திறப்பவர் கருங்கலிலோ தக்கலையிலோ இருக்கும் அவருடைய அம்மா. பணம் கட்டியவர் பெட்டியைப் பார்ப்பதில்லை, பெட்டியைப் பார்ப்பவர் நாம் எழுதிய விவரத்தைப் படித்ததில்லை. "தேன் வந்ததா அம்மா?" என்று மகன் தொலைபேசியில் கேட்க, "தேன் இல்லையே மக்கா, கருப்பட்டி தான் இருக்கு" என்று அம்மா சொல்லும்போதுதான் நாம் எழுதியதும் அனுப்பியதும் முதன்முறையாக ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றன. அந்த ஒப்பீட்டில் தவறாமல் இருக்க எப்படி எழுத வேண்டும் என்பதை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டுப் பெட்டியின் விலை 1,200 ரூபாய். பலரும் முதலில் எழுதும் விவரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "பிளம் கேக், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, சிப்ஸ், தேன், முந்திரி அடங்கிய இரண்டு கிலோ கிறிஸ்துமஸ் பெட்டி. பொருட்கள் மாறுதலுக்கு உட்பட்டவை." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வாங்குபவர் இதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது என்பதால், ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

முதல் படி: பெயரை வெளியூர்க்காரர் கண்ணால் படித்துப் பார்த்தல்

முந்திரிக்கொத்து என்றால் நம் ஊரில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. வறுத்த சிறுபயறு மாவில் வெல்லப்பாகு அல்லது கருப்பட்டிப்பாகு, தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து உருட்டி, மாவுக் கரைசலில் முக்கி, இரண்டு மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கொத்தாக இருக்கும்படி பொரித்தெடுப்பார்கள். அதில் முந்திரிப்பருப்பு கிடையாது. ஆனால் பெயரை மட்டும் படிக்கும் சென்னைக்காரர் முந்திரிப்பருப்பால் செய்த இனிப்பு வரப்போகிறது என்று எதிர்பார்ப்பதில் குற்றம் இல்லை. நான் விவரம் எழுதத் தொடங்கிய முதல் ஆண்டில் பெயரோடு நிறுத்திவிட்டேன். பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு, முந்திரிக்குப் பதிலாகப் பயறு வைத்து ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு எழுதினார். பெட்டியில் இருந்தது சரியான பொருள்தான், ஆனால் தவறு என்னுடையதே. அன்றிலிருந்து "சிறுபயறு, வெல்லம், தேங்காய் சேர்த்த பொரித்த இனிப்பு. இதில் முந்திரிப்பருப்பு இல்லை" என்ற வரியை விடாமல் எழுதி வருகிறேன்.

சிப்ஸுக்கும் இதே விளக்கம் வேண்டும். நாம் ஏத்தங்காய் என்று சொல்வதைப் பிற மாவட்டத்தார் நேந்திரங்காய் என்றால்தான் அறிவார்கள். எந்த எண்ணெயில் பொரித்தது என்பதையும் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும். தேங்காய் எண்ணெயில் பொரித்த சிப்ஸுக்காகத்தான் பலர் நம் ஊர்ப் பெட்டியைத் தேடி வருகிறார்கள். கடைசி நேரத்தில் பாமாயிலில் பொரித்த சிப்ஸை வாங்கி வைத்தால், பெட்டிக்கு வெளியே எதுவும் மாறியதாகத் தெரியாவிட்டாலும் பொருள் மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும். எண்ணெயின் பெயரை எழுதி வைத்திருந்தால் அந்த மாற்றத்தைச் சொல்லாமல் செய்ய நம் கையே வராது.

கேக்கைப் பற்றி எழுதும்போது முட்டை சேர்த்ததா, சேர்க்காததா என்பது முதல் சொல்லாக வரட்டும். உணவு லேபிள் விதிகளின்படி முட்டை சேர்ந்த உணவு அசைவக் குறியீட்டையே பெறும். பாலும் தேனும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆக, பெட்டியில் மற்ற எல்லாப் பொருட்களும் சைவமாக இருந்தாலும் ஒரு கேக்கினால் "சைவப் பெட்டி" என்று எழுத முடியாமல் போகும். கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைப்பருப்புகள் ஆகிய ஒவ்வாமைப் பொருட்களையும் அந்தந்தப் பொருளின் வரியிலேயே சொல்லிவிடலாம்.

இரண்டாம் படி: அளவை எந்த அலகில் சொல்வது

"தேன் 1 பாட்டில்" என்பது அளவே அல்ல. "தேன் 250" என்று மட்டும் எழுதுவது அதைவிடக் குழப்பமானது. தேன் தண்ணீரைவிடக் கனமானது; ஒரு மில்லிலிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிராம் எடையிருக்கும். 250 மில்லிலிட்டர் பாட்டிலை நிறைத்தால் சுமார் 350 கிராம் தேன் இருக்கும். 250 கிராம் தேன் வாங்கினால் அது 180 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பாட்டிலில் நிற்கும். வாங்குபவர் ஒன்றை நினைக்க நாம் இன்னொன்றை அனுப்பினால், இருவருமே 250 என்ற எண்ணைக் காட்டி வாதிடலாம். பாட்டிலின் லேபிளில் எந்த அலகு அச்சாகியிருக்கிறதோ அதையே விவரத்திலும் எழுதுங்கள், மாற்றிக் கணக்கிட்டு எழுத வேண்டாம். எண்ணெய் வைப்பதாக இருந்தால் கணக்கு எதிர்ப்பக்கம் போகும்; 500 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 460 கிராம்தான்.

கையால் செய்யும் பலகாரங்களுக்கு எண்ணிக்கையும் எடையும் இரண்டும் வேண்டும். முந்திரிக்கொத்தை எண்ணிக்கையில் மட்டும் சொன்னால், வேலை மும்முரமான நாளில் உருண்டை சிறுத்துப் போவது யாருக்கும் தெரியாது. எடையில் மட்டும் சொன்னால், வீட்டில் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாமா என்று கேட்பவருக்கு விடை கிடைக்காது. "12 கொத்து, நிகர எடை 300 கிராமுக்குக் குறையாது" என்று எழுதினால் இரண்டு கேள்விகளும் தீர்ந்துவிடும். அச்சு முறுக்கு எப்படிப் பொதிந்தாலும் ஒன்றிரண்டு உடையும். அதை மறைக்காமல், "15 எண்ணம், 150 கிராம், வழியில் இரண்டு மூன்று உடைய வாய்ப்புண்டு" என்றே எழுதிவிடலாம். உடையும் என்று முன்பே படித்தவர் உடைந்ததைப் பார்த்துக் கோபப்படுவதில்லை.

அடுத்தது "இரண்டு கிலோ" என்ற சொல். நம் எடுத்துக்காட்டுப் பெட்டியில் கேக் 500 கிராம், முந்திரிக்கொத்து 300, அச்சு முறுக்கு 150, சிப்ஸ் 250, தேன் 250, முந்திரிப்பருப்பு 100. கூட்டினால் 1,550 கிராம்தான் வருகிறது. மீதி எடை கண்ணாடிப் பாட்டிலும் அட்டைப்பெட்டியும் வைக்கோல் போன்ற காகித நிரப்பியும் சேர்ந்தது. நிகர எடை என்பது பொதிகளை நீக்கிய எடை. கூரியர்க்காரர் நிறுத்த எடையை விவரத்தில் எழுதவே கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களை ஒரே பொட்டலமாக விற்கும்போது ஒவ்வொன்றின் பெயரையும், எண்ணிக்கை அல்லது அளவையும் பொட்டலத்தின் மேல் குறிப்பிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளும் சொல்கின்றன. மொத்த எடையை மட்டும் பெரிதாக அச்சிடுவது அந்த விதிக்குப் போதாது.

படமும் அளவைச் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம். படம் எடுக்கும்போது அழகுக்காகப் பக்கத்தில் வைத்த நட்சத்திர விளக்கையும் திராட்சைக் குலையையும் வாங்குபவர் பெட்டியின் பகுதியாகவே எண்ணுவார். அவற்றை எடுத்துவிட்டுப் படம் பிடிப்பது நல்லது. முடியாவிட்டால் "படத்தில் உள்ள நட்சத்திர விளக்கு பெட்டியில் இல்லை" என்று படத்தின் அடியிலேயே எழுத வேண்டும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை வைத்தல்

மாற்றுப் பொருள் பற்றி எழுதுவதற்கு முன்பு இதைச் செய்தாக வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். "சமமான மதிப்புள்ள வேறு பொருள் வைக்கப்படும்" என்று எழுதுகிறோம். எந்த மதிப்புக்குச் சமம் என்று கேட்டால் நம்மிடம் பதில் இருப்பதில்லை. ஆகவே பெட்டியின் விலையைப் பிரித்து எழுதி வையுங்கள். நம் பெட்டியில் கேக் 350 ரூபாய், முந்திரிக்கொத்து 180, அச்சு முறுக்கு 90, சிப்ஸ் 160, தேன் 170, முந்திரிப்பருப்பு 150, பெட்டியும் வாழ்த்து அட்டையும் 100 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,200 ஆகிறது. இந்த எண்களை வாங்குபவருக்கும் தெரியும்படி விவரத்திலேயே போடுவதுதான் என் வழக்கம். பெட்டிக்கு 100 ரூபாயா என்று சிலர் கேட்பார்கள், கேட்கட்டும். பின்னால் ஒரு பொருள் இல்லாமல் போய்ப் பணத்தைத் திருப்பும் நிலை வரும்போது, எவ்வளவு திருப்புவது என்ற பேச்சே எழாது.

நான்காம் படி: எது மாறலாம், எது மாறக்கூடாது

"பொருட்கள் மாறுதலுக்கு உட்பட்டவை" என்ற வரி விற்பவருக்குக் காவல் போலத் தோன்றும். உண்மையில் அது மேலே எழுதிய எல்லா அளவுகளையும் அழித்துவிடுகிறது. எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் பட்டியல் எதற்கு? அந்த ஒரே வரியை எடுத்துவிட்டு, பொருட்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதுவதே என் வழி.

கேட்காமல் மாற்றவே கூடாதவை முதல் வகை. பெட்டியின் அடையாளமாக இருக்கும் பொருள் இதில் வரும். கிறிஸ்துமஸ் பெட்டியில் கேக் இல்லையென்றால் அது வேறு பெட்டி. முட்டை சேர்க்காத கேக்குக்குப் பதில் முட்டை கேக் வைப்பதும், கொட்டைப்பருப்பு இல்லாத பொருளின் இடத்தில் பருப்பு சேர்ந்ததை வைப்பதும் இந்த வகைதான். இங்கே விலை சமமாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கும் பொருளையும் இதில் சேர்க்கிறேன். மார்த்தாண்டம் தேன் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். வேறு மாவட்டத்துத் தேன் தரத்தில் குறையாததாகவே இருக்கலாம். ஆனாலும் மார்த்தாண்டம் தேன் என்று எழுதிய வரிக்கு அது மாற்று ஆகாது.

கேட்காமல் மாற்றக்கூடியவை இரண்டாம் வகை: அதே பொருள், அதே தரம், ஆனால் வேறு பொட்டல அளவு. இதற்கு ஒரே நிபந்தனை, மொத்த அளவு சொன்னதைவிடக் குறையக்கூடாது. 250 கிராம் பாட்டில் தீர்ந்து 100 கிராம் பாட்டில்தான் இருக்கிறது என்றால் மூன்று வைக்க வேண்டும். இரண்டு வைத்து 50 கிராமுக்குக் காசு திருப்புகிறேன் என்பது சரியல்ல. வாங்கியவர் கேட்டது தேனைத்தான்.

மூன்றாம் வகை, கேட்டபின் மட்டும் மாற்றக்கூடியவை. இதற்கு மாற்றுப் பொருளின் பெயரையும் அளவையும் முன்பே எழுதிவிட வேண்டும். "வேறு பொருள்" என்று எழுதாமல், "தேன் தீர்ந்தால், உங்கள் ஒப்புதலுடன், கருப்பட்டி 500 கிராம் (200 ரூபாய்)" என்று எழுதுங்கள். மாற்றுப் பொருளின் விலை பட்டியலில் உள்ள விலைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கூடினால் கூடுதலை விற்பவரே ஏற்க வேண்டும். கருப்பட்டிக்கு வெல்லத்தை மாற்றாக எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் இனிப்பு என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு, பனையிலிருந்து வருவதும் கரும்பிலிருந்து வருவதும் ஒன்றல்ல. நான் அப்படி எழுதுவதில்லை. மாற்றுப் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பாருங்கள். தேங்காய் சேர்ந்த பலகாரம் ஒரு வாரம் தாங்கினாலே நல்லது. தேன் போன்ற நீண்டநாள் பொருளின் இடத்தில் அதை வைத்து நான்கு நாள் பயணத்துக்கு அனுப்பினால், பெறுபவருக்குக் கிடைப்பது மூன்று நாள்தான்.

ஒப்புதல் கேட்டும் பதில் வராவிட்டால் என்ன செய்வோம் என்பதும் விவரத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் வேலை நேரத்தில் தொலைபேசியை எடுக்க முடியாமல் இருக்கலாம். "24 மணி நேரத்துக்குள் பதில் இல்லையெனில் அந்தப் பொருள் இல்லாமல் பெட்டியை அனுப்பி, அதன் விலையைத் திருப்பித் தருவோம்" என்பது என் வரி. பேசாதிருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மாற்றுப் பொருளை வைத்துவிடுவதைவிட இது நேர்மையானது என்றே கருதுகிறேன்.

ஒரு டிசம்பர் கணக்கு

இந்த விதிகள் நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 60 பெட்டிகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. டிசம்பர் 18 அன்று பொதியத் தொடங்கும்போது 250 கிராம் தேன் பாட்டில்கள் 38 மட்டுமே கையில் இருக்கின்றன. நம் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் தேன் சுரக்கும் காலம் ஆண்டின் முதல் சில மாதங்கள்தான். டிசம்பரில் விற்பது அப்போது எடுத்து வைத்த சரக்கு என்பதால், தீர்ந்தால் உடனே புதிதாக வராது. ஆக 22 பெட்டிகளுக்குத் தேன் குறைகிறது.

கடையில் அதே தேன் 100 கிராம் பாட்டில்களில் 40 இருக்கிறது. பெட்டிக்கு மூன்று வீதம் 13 பெட்டிகளுக்கு 39 பாட்டில்கள் ஆகின்றன. ஒரு சிறு பாட்டில் 75 ரூபாய் என்றால் மூன்றும் 225 ரூபாய்; பட்டியல் விலையைவிட 55 ரூபாய் கூடுதல், 13 பெட்டிகளுக்கு 715 ரூபாய். இது விற்பவரின் கணக்கில் போகிறது. இது இரண்டாம் வகை மாற்றம் என்பதால் இந்த 13 பேரையும் அழைத்துக் கேட்க வேண்டியதில்லை.

மீதி 9 பேரிடம் கேட்க வேண்டும். "நீங்கள் ஆர்டர் செய்த பெட்டியில் தேன் 250 கிராம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பதில் கருப்பட்டி 500 கிராம் வைக்கலாமா, அல்லது தேன் இல்லாமல் அனுப்பி 170 ரூபாய் திருப்பித் தரலாமா, அல்லது ஆர்டரை ரத்து செய்து முழுத் தொகையும் தரலாமா? நாளை மாலை 5 மணிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்." இந்தச் செய்தி போதும், மன்னிப்பை நீட்டி எழுதினால் கேள்வி உள்ளே புதைந்துவிடும். ஆறு பேர் கருப்பட்டிக்குச் சம்மதிக்கிறார்கள், இருவர் பணத்தைக் கேட்கிறார்கள், ஒருவர் ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருப்ப வேண்டியது 340 ரூபாயும் 1,200 ரூபாயும். ரத்து செய்தவரிடம் கேள்வி எதுவும் கேட்காமல் திருப்பிவிட வேண்டும்.

அந்த நேரத்திலேயே விவரத்தையும் திருத்துங்கள். டிசம்பர் 18-க்குப் பிறகு ஆர்டர் செய்பவருக்குத் தேன் இருப்பதாகக் காட்டிவிட்டு, பிறகு கருப்பட்டிக்குச் சம்மதம் கேட்பதை இருப்புத் தீர்ந்ததாகக் கணக்கில் வைக்க முடியாது. இல்லாத பொருளைக் காட்டி விற்பதாகவே அது ஆகும்.

திருத்திய விவரம்

மேலே சொன்னவற்றையெல்லாம் சேர்த்தால் விவரக்குறிப்பு இப்படி அமையும்:

> கிறிஸ்துமஸ் பரிசுப் பெட்டி, 1,200 ரூபாய் (எல்லா வரிகளும் உட்பட). உள்ளே இருப்பவை: முட்டை சேர்த்த பிளம் கேக் 500 கிராம் (350 ரூபாய், கோதுமை, பால், முட்டை, முந்திரி உண்டு). முந்திரிக்கொத்து 12, நிகர எடை 300 கிராமுக்குக் குறையாது (180 ரூபாய், சிறுபயறு, வெல்லம், தேங்காய், எள், அரிசி மாவு, முந்திரிப்பருப்பு இல்லை). அச்சு முறுக்கு 15, 150 கிராம் (90 ரூபாய், முட்டை உண்டு, சில உடையக்கூடும்). தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ் 250 கிராம் (160 ரூபாய்). மார்த்தாண்டம் தேன் 250 கிராம் (170 ரூபாய், உறைந்திருந்தால் இயல்பே, வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும்). வறுத்த முந்திரிப்பருப்பு 100 கிராம் (150 ரூபாய்). பெட்டியும் வாழ்த்து அட்டையும் 100 ரூபாய். உணவுப் பொருட்களின் மொத்த நிகர எடை 1,550 கிராம்.
>
> இருப்பு தீர்ந்தால்: அதே பொருளை வேறு அளவுப் பொட்டலங்களில், மொத்த அளவு குறையாமல் வைப்போம். தேனுக்குப் பதில் கருப்பட்டி 500 கிராம், சிப்ஸுக்குப் பதில் நேந்திரங்காய்ச் சர்க்கரை வரட்டி 250 கிராம் ஆகியவற்றை உங்கள் ஒப்புதல் கிடைத்தால் மட்டும் வைப்போம். கேக்குக்கு மாற்று இல்லை. அது தீர்ந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருவோம். 24 மணி நேரத்துக்குள் உங்கள் பதில் கிடைக்காவிட்டால், தீர்ந்த பொருளின் விலையைத் திருப்பித் தந்து மற்றவற்றை அனுப்புவோம்.

தேன் உறைவதைப் பற்றிய அடைப்புக்குறிச் சொற்கள் மிகையாகத் தோன்றலாம். ரப்பர்த் தேன் எளிதில் குருணையாக உறையும் தன்மை உடையது. அதைப் பார்த்துச் சீனிப்பாகு கலந்துவிட்டார்கள் என்று எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எண்ணம் வந்தபின் பட்டியலின் மற்ற வரிகளையும் அவர்கள் நம்புவதில்லை.

கடைசி வேலை பெட்டிக்குள் வைக்கும் பட்டியல் அட்டை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே அட்டையை முன்கூட்டியே அச்சடித்தால், கருப்பட்டி வைத்த ஆறு பெட்டிகளிலும் "தேன்" என்ற வரி இருக்கும். அம்மா அதைப் படித்துவிட்டுத் தேனைத் தேடுவார். மாற்றம் நடந்த பெட்டிகளுக்கு அந்த வரியை அடித்து, "தேனுக்குப் பதில் கருப்பட்டி 500 கிராம், அனுப்பியவரின் சம்மதத்துடன்" என்று கையால் எழுதினாலே போதும். தேன் இல்லாமல் போகும் இரண்டு பெட்டிகளிலும் அந்த வரியை அடித்துவிட வேண்டும். 170 ரூபாய் திருப்பிய கணக்கை அட்டையில் எழுத வேண்டாம், அது பணம் கட்டியவருக்கு மட்டும் போகும் செய்தி. பெட்டியை ஒட்டும் முன், பொதிந்தவர் அல்லாத இன்னொருவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை வரிவரியாகத் தொட்டுப் பார்த்த பிறகே நாடாவை ஒட்டுங்கள்.